நாலாவது ஆளுடன் ஒரு ஒத்துதீர்ப்பு

எங்கள் குடும்பத்தில் ஆபாசமாகப் பேசியதற்காக அதிகாரபூர்வமாகத் தண்டனை பெற்றவன் இதுவரை நான் ஒருவன்தான். தண்டனை கொடுத்தது நீதிமன்றம் அல்ல, கைபேசியில் நான் ஆடிக்கொண்டிருந்த ஒரு துப்பாக்கி விளையாட்டு. தகாத சொற்களைப் பயன்படுத்திய காரணத்தால் என் உரையாடல் வசதி தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது என்று ஒரு நாள் காலையில் திரையில் அறிவிப்பு வந்தது. தட்டச்சும் கிடையாது, மைக்கும் கிடையாது. ஐம்பதை நெருங்குகிறேன். நரை இருக்கிறது, மூட்டுவலி இருக்கிறது, அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. போதாததற்கு, தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் வெல்ஃபேர் ஆபீசர் என்ற உத்தியோகமும் இருக்கிறது. லயங்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், கெட்ட வார்த்தை பேசுகிறவர்களைக் கூப்பிட்டு வைத்துக் கண்டிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இந்த நிலைக்கு நான் வந்து சேர்ந்தது ஒரு நல்ல காரியத்தின் வழியாக.

என் மனைவி கோபாலபுரத்துக்காரி. பொள்ளாச்சிச் சாலையில் மாநில எல்லைச் செக்போஸ்ட் தாண்டியதும் வருகிற ஊர். அவள் தங்கை அதே ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு, கணவனின் தேங்காய்க் களத்தில் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்கிறாள். மனைவிக்கோ இங்கே எஸ்டேட் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற வேலை. நடுவில் மலை. பஸ் ஏறினால் ஒரு பகல் போய்விடும். போனில் பேசலாம் என்றால், அக்காவும் தங்கையும் போனில் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் மாமியார் விஷயம் வந்து, பத்தாவது நிமிடத்தில் இருவருக்கும் மனசு கெட்டுவிடும். இந்த விளையாட்டில் அந்தத் தொல்லை இல்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் இருவரும் ஒரே குழுவில் இறங்குவார்கள். "வலப்பக்கம் சுவத்துக்குப் பின்னால ஒருத்தன்" என்பாள் தங்கை. "பாத்துட்டேன் கண்ணு, நீ குனிஞ்சுக்கோ" என்பாள் அக்கா. நடுவே இரண்டு வார்த்தை வீட்டு விஷயம். பதினைந்து வருஷமாகப் பேசாததையெல்லாம் ஆள் சுட்டுக்கொண்டே பேசிவிட்டார்கள்.

அவர்கள் இருவரும் நன்றாக ஆடுவார்கள். மனைவிதான் தலைமை. மாத்திரைச் சீட்டு வாசிக்கிற அதே குரலில் கட்டளை இடுவாள். கொழுந்தியாளுக்குத் தூரத்துக் குறி. மூன்றாவது ஆளாக நானும் இருந்தேன். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் இறந்துபோய், மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே ஆலோசனை வழங்குவது என் பங்கு.

குழுவுக்கு நான்கு பேர் வேண்டும். நாலாவது இடத்தை விளையாட்டே யாராவது முன்பின் தெரியாதவரைக் கொண்டு நிரப்பும். பெரும்பாலும் வாய் திறக்காத நல்லவர்கள் வருவார்கள். அன்று வந்தவன் வாய் திறந்தான்.

பெண் குரல் இரண்டைக் கேட்டதும் முதலில் சமையல் முடிந்ததா என்று கேட்டான். அடுத்து வயது கேட்டான். அதற்கடுத்து அவன் கேட்டவற்றை இங்கே எழுத முடியாது. என் வரலாறு ஏற்கெனவே அந்த விஷயத்தில் சரியில்லை. மனைவி திரையோரத்தில் அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டாள். மியூட். அவளைப் பொறுத்தவரை அவன் குரல் அத்தோடு முடிந்தது.

அவளைப் பொறுத்தவரை மட்டும்தான். மியூட் என்பது நம் காதை நாம் பொத்திக்கொள்வது. பக்கத்தில் இருப்பவர் காதுக்கு அது பொறுப்பாகாது. கோபாலபுரத்தில் கொழுந்தியாள் களத்தில் உட்கார்ந்து போனை ஸ்பீக்கரில் போட்டு ஆடிக்கொண்டிருந்தாள். மட்டை உரிக்கிறவர்கள் நான்கைந்து பேர், எதிர்க் கட்டிலில் மாமியார், கணக்குக் கேட்க வந்த கணவன், எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். பதற்றத்தில் அவளுக்குப் பொத்தான் எங்கே என்று கை போகவில்லை. ஆட்டத்தின் நடுவிலேயே போனை அணைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவுக்குப் போன் வந்தது.

"இந்தக் கேம் எனக்கு வேண்டாங்கக்கா. அவரு ஒண்ணும் சொல்லல. சொல்லாம எந்திரிச்சுப் போனாரு பாருங்க, அதுதான். அழிச்சுர்றேன்."

அந்தப் பக்கம் விளையாட்டை அழித்தால் இந்தப் பக்கம் சாயங்காலம் அழிந்துவிடும் என்பது எனக்கே தெரிந்தது. போனை வைத்துவிட்டு மனைவி அடுப்படி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் டவர் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குள் இருந்த வெல்ஃபேர் ஆபீசர் எழுந்துகொண்டார்.

என் தொழில்முறையைச் சொல்லிவிட வேண்டும். லயத்தில் சண்டை என்றால், கோழி காரணமோ குழாய்த் தண்ணீர் காரணமோ, நான் போலீசுக்கு விடுவதில்லை. புகார் என்று எழுத்தில் போய்விட்டால் இரண்டு தரப்பும் விறைத்துக்கொள்ளும். அதனால் இருவரையும் ஆபீசுக்கு அழைத்து ஒரே பெஞ்சில் உட்கார வைப்பேன். இன்னார், இன்ன லயம், இன்னாருக்கு என்ன உறவு என்று இரு தரப்பையும் முதலில் அறிமுகப்படுத்துவேன். முகமும் ஊரும் தெரிந்துவிட்டால் பாதிக் கோபம் போய்விடும் என்பது என் சித்தாந்தம். பிறகு பால் விடாத கட்டன் சாயா. கடைசியில் கை கொடுத்துக்கொள்வார்கள். இங்கே மலையாளத்து அரசாங்கப் பேச்சில் அதற்கு ஒத்துதீர்ப்பு என்று பெயர். ஒத்துதீர்ப்பில் எனக்கு இருக்கிற கியாதியைப் பற்றி நான் சொல்வது அழகல்ல. பக்கத்து எஸ்டேட்டில் விசாரித்துக்கொள்ளலாம்.

மனைவி ரிப்போர்ட் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். "புகாருன்னு போனா காரியம் கெட்டுரும். நான் பேசித் தீக்குதேன்" என்றேன்.

"அவன் கிட்டயா?"

"அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளதான."

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் அன்றே செய்ய நினைத்ததைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

அந்த நாலாவது ஆளிடமிருந்து எனக்கு நட்புக் கோரிக்கை வந்திருந்தது. மூவருக்குமே அனுப்பியிருந்தான். நான் ஏற்றுக்கொண்டேன். மறுநாள் என் லாபிக்கு அழைத்தேன். லாபி என்பது ஆட்டம் தொடங்குவதற்கு முன் குழு வந்து நிற்கிற முற்றம். நாலு பொம்மைகள் நின்று காலை மாற்றிக்கொண்டிருக்கும். வந்தான். பேச்சில் அப்படி ஒரு பணிவு. அங்கிள் என்றான். விளையாட்டுச் சூட்டில் வாய் தவறிவிட்டது, மன்னிப்புக் கேட்கிறேன் என்றான். எனக்குப் பூரித்துப் போயிற்று. கோழிச் சண்டையில்கூட இவ்வளவு சீக்கிரம் யாரும் இறங்கி வந்ததில்லை.

மன்னிப்பை உரியவர்களிடமே கேள் என்று சொல்லி, அக்காவையும் தங்கையையும் லாபிக்கு அழைத்தேன். தங்கை வரமாட்டேன் என்றவள், மாமா சொல்கிறாரே என்று வந்தாள். அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. வழக்கப்படி தரப்புகளை அறிமுகப்படுத்தினேன். இது என் வீட்டுக்காரி, இது என் கொழுந்தியாள், செக்போஸ்ட் தாண்டி கோபாலபுரத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கிறார்கள், கௌரவமான குடும்பம், என்றேன். ஊரைச் சொன்னேன், தொழிலைச் சொன்னேன், அடையாளம் சொன்னேன். பெயரைச் சொல்லாமல் விட்டது மறதியால்.

அவனும் முறைப்படி மன்னிப்புக் கேட்டான். கட்டன் சாயாவுக்குப் பதிலாக நால்வரும் ஒரு ஆட்டம் சேர்ந்து ஆடுவது என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

ஆட்டத்தில் தரை இறங்கியதும் அவன் குரல் மாறியது. முந்தைய நாள் பேசியதெல்லாம் ஒத்திகைபோல ஆகிவிட்டது. இப்போது அவனிடம் விவரம் இருந்தது, நான் கொடுத்த விவரம். செக்போஸ்ட் பக்கம்தானே, களம் எது என்று விசாரித்தால் சொல்லப் போகிறார்கள், ஒரு நாள் வருகிறேன் என்றான். எதற்கு வருவான் என்பதையும் சொன்னான். நான் தட்டச்சுப் பெட்டியைத் திறந்தேன். லயத்துச் சண்டைகளை விசாரித்து விசாரித்து என்னிடம் சேர்ந்திருந்த சொற்களஞ்சியம் சாதாரணமானதல்ல. இரண்டு மொழிகளில் உண்டு, மூன்று தலைமுறைக்குப் போகக்கூடியவையும் உண்டு. எல்லாவற்றையும் எழுத்துப் பிழை இல்லாமல் அனுப்பினேன். அவன் சிரித்தான். வாயால் பேசுகிறவனுக்கு எழுத்துச் சாட்சி கிடையாது, அதுதான் சௌகரியம்போலும். எழுத்தில் சிக்கியவன் நான். அவன் என்னைப் புகார் செய்தான். நான் எழுதியது அப்படியே சாட்சியாக நின்றது. மறுநாள் காலை அறிவிப்பு வந்தது, முதலிலேயே சொன்னேனே.

நான் பொழிந்துகொண்டிருந்த நேரத்தில் மனைவி என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் குரல் மாறிய உடனே திரையைப் பதிவு செய்யும் பொத்தானை அழுத்திவிட்டு, வாயைத் திறக்காமல் ஆடிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் தங்கைக்குப் போன் போட்டாள். அந்தப் பேச்சு முழுவதையும் நான் அடுப்படி மூலையில் நின்று கேட்டேன். உட்கார யாரும் சொல்லவில்லை.

தங்கை அழவில்லை. அவளுக்குப் பயம் வந்திருந்தது. விளையாடாமல் இருக்க முடியாது என்றால் இனி மைக்கை அணைத்துவிட்டு ஊமையாக ஆடுகிறேன் என்றாள்.

"நீ எதுக்குக் கண்ணு வாய மூடோணும்?" என்றாள் மனைவி. "அவன் வாய மூடு."

"மறுபடி வருவானுங்கக்கா."

"வரட்டும். மறுபடி மூடு. போனை எடு, நாஞ் சொல்றத ஒண்ணொண்ணா செய்யி. உங்க ஊட்டுக்காரரையும் பக்கத்துல உக்காரச் சொல்லு. அவரு பாக்கட்டும்."

டிஸ்பென்சரியில் வயதானவர்களுக்கு மாத்திரை சொல்லிக் கொடுக்கிற நிதானத்தில் சொன்னாள். முதலில் புகார், அப்புறம்தான் பிளாக். அந்த விளையாட்டில் பிளாக் செய்துவிட்டால் சமீபத்தில் ஆடியவர்கள் வரிசையிலிருந்து ஆள் மறைந்துவிடுவான், தேடிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அவன் பெயரைப் பார்க்காதே, பெயரை நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம், பெயருக்குக் கீழே இருக்கிற எண்ணைப் படம் பிடித்துக்கொள். புகாரில் 'மற்றவை' என்று போடாதே, வாய்ப்பேச்சுத் தொல்லை, பாலியல் தொல்லை என்று தனித்தனியாக இருக்கிறது, அதைத் தொடு. என்ன சொன்னான், ஊரைச் சொல்லி மிரட்டினான் என்று இரண்டு வரி எழுது. அழகாக எழுத வேண்டாம், நடந்ததை எழுது. இந்த இடத்தில் என் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். ஆட்டம் முடிந்த கையோடு புகார் போனால் அந்த ஆட்டத்துக் குரலையும் எடுத்துப் பார்ப்பார்கள், நாள் கழித்தால் கிடைக்காது. முந்தைய நாள் குரல் அப்படித்தான் கைவிட்டுப் போயிற்று என்பதை அவள் சொல்லவில்லை. அங்கே நின்றிருந்த ஆளுக்குச் சொல்லத் தேவையில்லை.

என் பங்குக்கு நான் ஒரு யோசனை சொன்னேன். நாளை காலை மஸ்டரில் ஆள் கணக்கெடுக்க எல்லோரும் கூடும்போது விஷயத்தைச் சொன்னால், இந்த விளையாட்டு வைத்திருக்கிற எஸ்டேட் ஆட்கள் அத்தனை பேரும் சேர்ந்து அவன் மீது புகார் அழுத்துவார்கள், கூட்டு மனு போல. மனைவி மறுத்துவிட்டாள். அந்த ஆட்டத்தில் இல்லாதவர்கள் அழுத்தினால் அது பொய்ப் புகார். கேட்ட மூன்று பேர் சொன்னால் போதும். தொழிற்சங்கம் கண்ட மலையில் கூட்டு மனுவை மறுத்த முதல் ஆள் இவளாகத்தான் இருக்கும்.

என் போனில் அவன் இன்னும் என் நண்பனாக இருந்தான். நான் எப்போது உள்ளே வருகிறேன், யாரோடு நிற்கிறேன் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்படி நானே கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனை வாங்கி, நட்பை நீக்கி, புகார் கொடுத்து, பிளாக் செய்து திருப்பித் தந்தாள். பிறகு மூன்று போனிலும் தெரியாதவர்களின் நட்புக் கோரிக்கை மூடப்பட்டது. லாபிக்கு அழைப்பு நண்பர்களிடமிருந்து மட்டும் வரும். ஆன்லைனில் இருப்பது வெளியே தெரியாது. நாலாவது ஆளைத் தானாக நிரப்புகிற வசதியும் அணைக்கப்பட்டது. பதிவை அவள் தனியாக எடுத்து வைத்தாள். இன்னொரு முறை ஊர்ப் பேரைச் சொல்லி எந்த வழியிலாவது வந்தால் நேராக சைபர் போலீஸ் என்று கோபாலபுரத்துச் சகலையிடமும் சொன்னாள். அவர் இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அது வரைக்கும் ஒரு வார்த்தை பேசாதவர், "சரிங்க அண்ணி, அவ ஆடட்டும்" என்றார்.

சில நாட்கள் மூன்று பேராக, நான்கு பேர் கொண்ட குழுக்களை எதிர்த்து ஆடினோம். நான் வாய் கட்டப்பட்டவன், ஆகவே இரண்டரைப் பேர் என்று கொள்ளலாம். என் குரல் இல்லாத அந்த நாட்களில் குழுவின் தரவரிசை நன்றாக ஏறியது. அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம்.

அவன் விடவில்லை. புதிய கணக்கு, புதிய பெயர். கோரிக்கை வழியாக வர முடியாததால் பொது அரட்டையில் எங்கள் குழுவின் பெயரைத் தேடி எழுதினான். மனைவி புகார் கொடுத்தாள், பிளாக் செய்தாள், பொது அரட்டையையும் மூடினாள். பதில் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு அது புரியவில்லை. எனக்கு ஒரு சண்டை என்றால் முடிவில் யாராவது தோற்ற முகத்தோடு நிற்க வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும். அவளுக்கு அந்த ஆசையே இல்லை. அவன் முகம் எப்படி இருந்தால் எனக்கென்ன, சாயங்காலம் நாங்கள் ஆட வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

பிறகு ஒரு நாள் மூன்று போனிலும் ஒரு வரி வந்தது. நீங்கள் புகார் செய்த ஆட்டக்காரர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது, நன்றி. எந்த ஆட்டக்காரர், என்ன நடவடிக்கை, எத்தனை நாள், ஒன்றும் கிடையாது. வருத்தக் கடிதம் இல்லை, கைகுலுக்கல் இல்லை. இத்தனை வருஷ அனுபவத்தில் இவ்வளவு சப்பென்று முடிந்த விசாரணையை நான் கண்டதில்லை. ஆனாலும் பொது அரட்டையில் அவன் சத்தம் அதோடு நின்றது.

நாலாவது இடத்தை மறுபடி திறக்கலாம் என்று சொன்னது தங்கைதான். ஒருத்தனுக்குப் பயந்து எல்லாருக்கும் கதவைச் சாத்தி வைப்பதா என்று கேட்டாளாம். திறந்தார்கள். பல நாள் நல்லவர்களே வந்தார்கள். பிறகு ஒரு மாலை, மழை விட்டு டவர் திரும்பியிருந்த நேரம், ஒருவன் வந்தான். வேறு ஆள்தான். தங்கையின் குரலைக் கேட்டதும் ஆரம்பித்தான்.

அந்த நேரத்தில் அவள் பாறை மேல் படுத்துத் தூரத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, கெழக்கால வண்டிக்குப் பின்னால ரெண்டு பேரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் அசிங்கமான வாக்கியத்தின் பாதியில் இருந்தான். அவள் வாக்கியம் நிற்கவில்லை. "ஒருத்தன் இப்ப எந்திரிப்பான் பாருங்க" என்று முடித்தாள். எழுந்தான், சுட்டாள். நடுவில் எப்போது அவனை மியூட் செய்தாள் என்பதே தெரியவில்லை. ஆட்டம் முடிந்ததும் புகார், பிறகு பிளாக். அதோடு அடுத்த ஆட்டத்துக்குத் தயாரானாள். பின்னணியில் மட்டை உரிக்கிற சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில்தான் ஆடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்குத் தண்டனை முடிந்து குரல் திரும்பி வந்து பல நாளாகியிருந்தது. நானும் பழையபடி ஆலோசனைகள் வழங்கிக்கொண்டிருந்தேன். பதற்றப்படக் கூடாது, பதில் பேசக் கூடாது, கை பொத்தானுக்குப் போகப் பழக வேண்டும் என்றெல்லாம். மனைவி குறுக்கே பேசுவாள். கொழுந்தியாள் பேசமாட்டாள். ஒரு வார்த்தை மறுக்காமல் கேட்டுக்கொள்வாள். அன்று அந்தக் கைவேகத்தைப் பார்த்ததும், நாம் சொன்னது வீண்போகவில்லை என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஆட்டம் முடிந்து போன் போட்டேன். நல்லா செஞ்ச பிள்ள, எப்படி இவ்வளவு சீக்கிரமா கை போச்சு என்று கேட்டேன்.

"தெனமும் ஆட்டம் தொடங்குனதும் மொத வேலையா உங்கள மியூட் பண்ணிருவேனுங்க மாமா" என்றாள். "அதுல பழகுன கைதானுங்க."